ச, ப, த, ம: நாலு கார்ட் சுற்றில் இல்லாத ஓர் அசைவு

*சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து இளைஞர் குழுவில் கித்தார் வாசிக்கிறேன், அண்ணே. நாங்கள் பாடும் பாட்டில் பாதிக்கு G, D, Em, C என்ற அதே நாலு கார்ட்தான் வருகிறது. புத்தகத்தில் இதை I–V–vi–IV என்று போட்டிருக்கிறார்கள். இந்த ரோமன் எண் என்ன சொல்கிறது? இந்த நாலு மட்டும் ஏன் இத்தனை பாட்டுக்கு ஒட்டுகிறது? நாங்களே மெட்டுப் போட்ட ஒரு பாட்டில் கடைசி வரி "ரி, நி, ச" என்று முடியும். அங்கே மட்டும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது. அது ஏன்?*

தம்பி, ரோமன் எண் என்றதும் ஏதோ புதுக் கணக்கு என்று ஒதுங்க வேண்டாம். கோயில் பஜனையில் ஆர்மோனியப் பெட்டியோடு பாடிப் பழகிய எவருக்கும் அதன் அடிப்படை ஏற்கெனவே தெரிந்ததுதான். பாடுபவர் ஐந்து கட்டை என்று சொன்னால் G ச ஆகிறது. ஒரு கட்டை என்றால் C ச ஆகிறது. சுருதி எங்கே நின்றாலும் ச, ரி, க, ம, ப, த, நி என்ற பெயர்கள் மாறுவதில்லை, ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் ச-விலிருந்து அந்த ஸ்வரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையே சொல்கின்றன. தனி ஸ்வரத்துக்கு நாம் செய்கிற இந்த வேலையைக் கார்ட்டுக்குச் செய்வதுதான் ரோமன் எண். ச-வின் மேல் எழும் கார்ட் I, ரி-யின் மேல் எழுவது ii, இப்படி நி வரை ஏழு. ஆகவே I–V–vi–IV என்பதை நம் வாயில் சொன்னால் ச, ப, த, ம. ஐந்து கட்டையில் அவை G, D, Em, C. ஒரு கட்டையில் C, G, Am, F. எழுத்துகள் வேறாக இருந்தாலும் நடை ஒன்றே.

சில எண்கள் பெரிய எழுத்திலும் சில சிறிய எழுத்திலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. மேஜர் ஸ்கேல் என்று வழங்குவதன் ஏழு ஸ்தானங்களும், கமகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நம் சங்கராபரணத்தின் ஸ்தானங்களே. அவற்றில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை அடுக்கினால் ஒரு கார்ட் கிடைக்கும். ச-வில் தொடங்கினால் ச, க, ப. ஒரே கம்பியில் எண்ணிப் பாருங்கள்: ச-விலிருந்து க வரை நான்கு ஃப்ரெட், க-விலிருந்து ப வரை மூன்று ஃப்ரெட். முதல் இடைவெளி நான்காகவும் அடுத்தது மூன்றாகவும் இருந்தால் அது மேஜர் கார்ட், பெரிய எழுத்தில் எழுதுவார்கள். த-வில் தொடங்கினால் த, மேல் ச, மேல் க. இங்கே முதலில் மூன்று ஃப்ரெட், பிறகு நான்கு. அது மைனர், ஆகவே சிறிய எழுத்து. ச, ம, ப மூன்றின் மேலும் மேஜர் வருகிறது. ரி, க, த மூன்றின் மேலும் மைனர் வருகிறது. நி-யின் மேல் மூன்றும் மூன்றுமாகக் குறுகிய ஒரு கார்ட் வரும், அதை vii° என்று எழுதுவார்கள், நம் பேச்சுக்கு அது வேண்டாம். இந்தப் பெரிய, சிறிய எழுத்து முறையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக்கியவர் கோட்ஃப்ரீட் வேபர் என்ற ஜெர்மானியர்.

இதன் பயனை நான் புத்தகத்தில் கற்கவில்லை, ஒரு கல்யாண மேடையில் கற்றேன். பல வருடங்களுக்கு முன் நாங்கள் வாசித்த ஒரு வரவேற்பில், ஐந்து கட்டையில் பயிற்சி செய்து வைத்திருந்த பாட்டை, அன்று பாட வந்தவர் ஆறரைக் கட்டையில்தான் பாட முடியும் என்று மேடையேறிய பிறகு சொன்னார். கித்தார்காரர் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிக்கொண்டு அதே விரல் அமைப்பில் தப்பித்துக்கொண்டார். பேஸ் கித்தார் வாசித்தவருக்கு நான் G, D, Em, C என்று எழுத்தாகவே எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் மனத்துக்குள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு B♭, F வரை சரியாக வந்தார், மூன்றாவது இடத்தில் மட்டும் பழக்கத்தில் விரல் E-யிலேயே போய் விழுந்தது. நாங்கள் Gm வாசிக்க, அதன் அடியில் E ஒலிக்க, ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூன்றாவது இடம் வரும்போது மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். தாளில் I–V–vi–IV என்று இருந்திருந்தால் மாற்றிக் கணக்கிட வேண்டிய அவசியமே வந்திருக்காது, ஆகவே தவறு எழுதிக் கொடுத்த என்னுடையது.

இனி, ஏன் ஒட்டுகிறது என்ற கேள்வி. எளிமையாக இருப்பதால் என்று பலர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எளிமைதான், ஆனால் I, IV, V என்ற மூன்றே கார்ட் இதைவிட எளிமை. அதைக் கொண்டு நான்கு நிமிடம் ஒரே சுற்றைச் சுற்றினால் காது இதைவிடச் சீக்கிரம் சலித்துவிடும் என்பது என் அனுபவம். என் கணிப்பில் இந்தச் சுற்றின் பலம் அதில் எது இருக்கிறது என்பதைக் காட்டிலும் எது இல்லை என்பதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க, ஒவ்வொரு கார்ட்டிலும் உள்ள மூன்று ஸ்வரங்களை மிகக் குறைந்த அசைவோடு நகரும்படி அடுக்கிக்கொள்வோம். கீழே மூன்று பேர் சேர்ந்து பாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒருவருடைய குரல்.

```
     I     V     vi    IV    I
1    ப     ப     த     த     ப
2    க     ரி    க     ம     க
3    ச     நி    ச     ச     ச
```

எந்தக் குரலும் எந்த இடத்திலும் அடுத்த ஸ்வரத்தைத் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது குரல் முழுச் சுற்றிலும் ஒரே ஒரு முறைதான் ச-வை விட்டு இறங்குகிறது, அதுவும் அடுத்த கார்ட்டிலேயே திரும்பி வந்துவிடுகிறது. ஆளுக்கொரு குரலாகப் பிரித்துப் பாடத் தெரியாத குழுகூட இதைப் பாடிவிடும். கீபோர்டில் கை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க, விரல்கள் மட்டும் மாறும். பேஸ் மட்டும் ச, ப, த, ம என்று தாவிக்கொண்டிருப்பதால், மேலே இவ்வளவு குறைவாக நகர்ந்தும் பாட்டு நடப்பது போலவே கேட்கிறது.

இப்போது V-லிருந்து vi-க்குப் போகும் இடத்தில் சற்று நில்லுங்கள். ப-வின் கார்ட்டில் ப, நி, ரி இருக்கின்றன. இதில் நி, மேல் ச-வுக்கு ஒரே ஒரு ஃப்ரெட் கீழே நிற்பதால், ச-வைத் தொடத் துடிக்கும் ஸ்வரம் அது. மேற்கத்திய இசையில் V-க்குப் பிறகு I வருவதுதான் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி: நி ஏறி ச ஆகும், பேஸ் ப-விலிருந்து ச-வுக்கு இறங்கும், காது இத்தோடு முடிந்தது என்று அறிந்துகொள்ளும். நம் சுற்றில் நி சொன்னபடியே ச-வுக்கு ஏறிவிடுகிறது, மேலே உள்ள அடுக்கில் மூன்றாவது வரி அதைத்தான் காட்டுகிறது. ஆனால் பேஸ் ச-வுக்கு வராமல் ஒரு படி ஏறித் த-வில் நின்றுகொள்கிறது. எதிர்பார்த்த ச வந்துவிட்டது, ஆனால் அது தன் வீட்டில் இல்லை. மைனர் கார்ட்டின் நடு ஸ்வரமாக இருக்கிறது. தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீடுகளில் எல்லா வாசலும் ஒன்று போலவே இருக்கும். இருட்டில் நம் வீடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளியவனுக்குத் தெரியும் இந்த உணர்வு. ஏமாற்று முடிவு என்றே இதற்கு இசை நூல்களில் பெயர்.

சுற்று திரும்பும் இடம் IV-லிருந்து I. இது வேறு வகையான வருகை. அடுக்கைப் பாருங்கள்: த ப-வுக்கு இறங்குகிறது, ம க-வுக்கு ஒரே ஃப்ரெட் இறங்குகிறது, ச அசையாமல் நிற்கிறது. நி இங்கே இல்லை, ஆகவே மேலே தள்ளும் விசையும் இல்லை. தேவாலயத்தில் பாமாலையின் முடிவில் இழுத்துப் பாடும் ஆமென் இந்த இரண்டு கார்ட்தான். பாட்டு ஏற்கெனவே முடிந்த பிறகு மெல்ல உட்கார்வது போன்றது அது. வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கும், ஆனால் இத்தோடு நிறுத்து என்று அதட்டாது.

ஆக, நாலு கார்ட்டும் வட்டமாகச் சுற்றும்போது I–V, V–vi, vi–IV, IV–I என்ற நான்கு அசைவுகள் கிடைக்கின்றன. V–I என்ற அந்த ஓர் அசைவு மட்டும் எந்த இடத்திலும் இல்லை. V இருக்கிறது, I இருக்கிறது, ஆனால் ஒன்றையடுத்து மற்றது அந்த வரிசையில் வருவதே இல்லை. முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம். பல்லவியைப் போலவே சரணத்துக்கும் அதே சுற்றை வைக்கலாம். எங்கே முடிகிறது என்று கார்ட் முன்கூட்டியே சொல்லிவிடாததால், அதைத் தீர்மானிக்கும் உரிமை பாடுபவருக்கும் பாட்டு எழுதுபவருக்கும் போகிறது. ஒரு கார்ட்டுக்கு நான்கு அடி என்று வைத்தால் முழுச் சுற்று 16 அடி, அதாவது ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம். வரி சுற்றின் நடுவில் தொடங்கி அடுத்த சுற்றுக்குள் வழிந்தாலும் உடைந்ததாகத் தெரியாது. இத்தனை விதமான மெட்டுகள் இதன் மேல் உட்கார்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மெட்டின் பக்கம் இருக்கிறது. நாலு கார்ட்டின் ஸ்வரங்களையும் சேர்த்து எண்ணினால் ஏழு ஸ்வரங்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் எல்லாம் சமமாகவும் இல்லை. ச மூன்று கார்ட்டில் இருக்கிறது. க, ப, த ஒவ்வொன்றும் இரண்டில். ரி, ம, நி ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றில். மோகனத்தில் எவை விடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்: ம-வும் நி-யும். இந்தச் சுற்றில் துணை குறைந்த மூன்றில் இரண்டைத்தான் மோகனம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில், அதாவது மேற்கில் பென்டடோனிக் என்று வழங்குவதில், கட்டப்பட்ட எந்த மெட்டையும் இந்தச் சுற்றின் மேல் வைத்தால் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். நாட்டுப்புறச் சாயலுள்ள மெட்டுகளும் குழந்தைப் பாட்டுகளும் இந்த ஐந்து ஸ்வரங்களில் வருவது ஏராளம்.

ச மூன்று கார்ட்டில் இருப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் பாட்டின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. I-இல் ச அடி ஸ்வரம். vi-இல் அதே ச நடு ஸ்வரம். IV-இல் அதே ச மேல் ஸ்வரம். ஒருவர் ச-வை மட்டுமே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, அடியில் கார்ட் மாறினால், அந்த ஒரே ஒலி முதலில் உறுதியாகவும், பிறகு சற்று ஏக்கமாகவும், பிறகு அகலமாகவும் கேட்கும். இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். பாடுபவர் எதையும் மாற்றாமலே மூன்று நிறம் கிடைக்கிறது. மெட்டு அமைப்பவருக்கு இது பெரிய சலுகை: "க ரி ச" என்ற ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வைக்கலாம், பாட்டு நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றாது.

V மட்டும் இதற்கு விலக்கு. அங்கே ச இல்லை, அதற்கு ஒரு ஃப்ரெட் கீழே நி இருக்கிறது. பாடுபவர் ச-வை நீட்டும்போது கார்ட்டில் நி ஒலித்தால் இரண்டும் உரசும். அந்த உரசல் கணப்பொழுதில் கடந்து போனால் அழகுதான். ஒரு முழு மாத்திரை நின்றால் யாரோ சுருதி தவறிவிட்டார்கள் என்று கேட்பவர் நினைப்பார். இந்த இடத்தில் கித்தார்காரர்கள் தங்களை அறியாமலே ஒரு தந்திரம் செய்கிறார்கள், நீங்களும் செய்கிறீர்களா என்று உங்கள் விரலைப் பாருங்கள். மோதிர விரலை இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும், சுண்டு விரலை முதல் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும் வைத்துவிட்டு, நாலு கார்ட்டுக்கும் அவற்றை எடுக்காமலே மற்ற இரண்டு விரலை மட்டும் மாற்றும் முறை அது. ஆறாவது கம்பியிலிருந்து எழுதினால் இப்படி வரும்:

```
G      320033
Dsus4  xx0233
Em7    022033
Cadd9  x32033
```

அந்த இரண்டு விரல்களும் தொடும் ஸ்வரங்கள் எவை? இரண்டாவது கம்பியில் D, முதல் கம்பியில் G. ஐந்து கட்டையில் அவை ப-வும் மேல் ச-வும். அதாவது கித்தாருக்குள்ளேயே ஒரு தம்புரா மீட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் மட்டும் கார்ட் மாறுகிறது. V வரும்போது நி ஒலிக்க வேண்டிய இடத்தில் ச நிற்கிறது, அதனால்தான் அதன் பெயரில் sus4 என்ற ஒட்டு வருகிறது: க-வின் தூரத்தில் நிற்க வேண்டியது ம-வின் தூரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. பாடுபவர் ச-வை நீட்டினாலும் உரசல் இல்லை. சுருதிப் பெட்டியை விடாமல் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இந்த வாசிப்பு சீக்கிரம் பிடித்துப்போவதில் எனக்கு வியப்பில்லை. ஐந்து கட்டையில் வாசிக்கப் புதியவர்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம் என்றால், ஒரு கட்டையில் வரும் F-க்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே அழுத்த வேண்டியிருப்பது மற்றொரு காரணம். இசைக் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை, ஆனால் எந்தப் பாட்டு எந்தச் சுருதியில் வாசிக்கப்படுகிறது என்பதை விரல் வலி தீர்மானிப்பதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ரோமன் எண்ணைப் போடும்போது ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். Em, C, G, D என்று தொடங்கும் பாட்டுகளும் நிறைய இருக்கின்றன. வட்டத்தில் அதே வரிசைதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு: vi–IV–I–V. கேட்டால் சோகமாக இருக்கும். இதை vi–IV–I–V என்று எழுதுவதா, அல்லது Em-ஐயே வீடாக வைத்து i–VI–III–VII என்று எழுதுவதா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நமக்குக் கிரக பேதம் என்ற எண்ணம் இருப்பதால் இதைத் தீர்ப்பது எளிது. சங்கராபரணத்தின் த-வை ச ஆக்கிப் பாடினால் நடபைரவி பிறக்கிறது. மோகனத்தின் த-வை ச ஆக்கினால் சுத்த தன்யாசி. ஒலிகள் அவையே, வீடு மாறிவிடுகிறது. ஆகவே முதல் கார்ட் எது என்று பார்த்து முடிவு செய்யாமல், பாடுபவர் எந்த ஸ்வரத்தில் வந்து இளைப்பாறுகிறார் என்று பாருங்கள். பத்திகளின் முடிவில் குரல் G-யில் அமர்ந்தால் முதல் முறை, E-யில் அமர்ந்தால் இரண்டாவது முறை. அங்கும் இங்கும் மாறி மாறி அமரும் பாட்டும் உண்டு. அதற்கு ஒரே பதில் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை, வாசிப்பவர்கள் எல்லாரும் ஒரே முறையில் எழுதிக்கொண்டால் போதும். வட்டத்தை எங்கே தொடங்கினாலும் V-க்குப் பிறகு vi-தான் வருகிறது, I வருவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

எல்லாப் பாட்டுக்கும் இது ஒட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சங்கராபரணத்தின் ஏழு ஸ்தானங்களுக்கு வெளியே மெட்டு போகிற இடத்தில் சுற்று உடனே தடுக்கும். கல்யாணியின் பிரதி மத்யமம் வந்தால் IV-இல் இருக்கும் சுத்த மத்யமம் அதோடு மோதும். மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் இந்த நாலு கார்ட்டிலும் இடமே இல்லை. கீரவாணியில் காகலி நிஷாதம் வேண்டும், அது ஐந்தாவது கார்ட்டை மேஜராக்கச் சொல்லும். Em வீடாக இருந்தால் அங்கே B மேஜர் வர வேண்டும், அது இந்தச் சுற்றில் கிடையாது. கோயில் திருவிழாவுக்குப் பழைய பக்திப் பாட்டுகளை எடுத்து இந்த நாலு கார்ட்டில் திணிக்கும் குழுக்களைக் கேட்டிருக்கிறேன். பாடுபவர் கமகத்தோடு அசைத்துப் பிடிக்கும் காந்தாரத்தின் அடியில் கித்தார் ஒரே க-வை விறைப்பாக அடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பாட்டுக்கு ச-வும் ப-வும் மட்டும் மீட்டினால் போதும் என்பது என் கருத்து.

சங்கராபரணத்துக்குள்ளேயே நிற்கும் பாட்டிலும் சுற்று போதாமல் போகும் இடம் ஒன்று உண்டு, அதுதான் முடிவு. சுற்றுக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது என்பதே அதன் பலம் என்று மேலே சொன்னேன். மெட்டு முற்றுப்புள்ளி கேட்கும் இடத்தில் அதே பலம் குறையாகிவிடுகிறது. கைதேர்ந்தவர்கள் அங்கே சுற்றை உடைத்துவிடுகிறார்கள். 1970-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் "லெட் இட் பி" பாட்டில் முதல் வரி I–V–vi–IV. ஆனால் அதற்கு மறுமொழி போல வரும் அடுத்த வரி vi-யைத் தொடாமல் I–V–IV–I என்று வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. முதல் வரி கேட்கிறது, இரண்டாம் வரி பதில் சொல்கிறது. நாலு கார்ட் பாட்டு என்று எல்லாரும் எடுத்துக்காட்டும் பாட்டிலேயே சுற்று அப்படியே திரும்பத் திரும்ப ஓடவில்லை.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "ரி, நி, ச" என்று முடிகிறது என்கிறீர்கள். ரி-யும் நி-யும் நாலு கார்ட்டில் V-இல் மட்டுமே இருக்கின்றன, ஆகவே அவை இரண்டாவது கார்ட்டின் மேல் விழுகின்றன என்றும், ச மூன்றாவது கார்ட்டின் முதல் அடியில் விழுகிறது என்றும் கொள்கிறேன். அப்படியானால் இரண்டு இடத்தில் சிக்கல் இருக்கிறது. முதலாவது, மெட்டு முற்றுப்புள்ளியைக் கேட்டு ச-வில் வந்து இறங்கும் அதே நொடியில் கித்தார் vi-க்குப் போய்விடுகிறது. பாடுபவர் வீட்டுக்கு வந்துவிட்டார், கித்தார் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் பிறகு அவர் ச-வை நீட்ட நீட்ட நீங்கள் IV-க்கும் போவீர்கள், பாட்டு அங்கேயே நின்றுவிடும். நீங்கள் அந்தரம் என்று சொன்னது அதைத்தான். இரண்டாவது, மேலே எழுதிய விரல் முறையில் நீங்கள் வாசிப்பவராக இருந்தால், பாடுபவர் நி பாடும் நேரத்தில் உங்கள் சுண்டு விரல் முதல் கம்பியில் ச-வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற வரிகளில் உரசலைத் தவிர்த்த அதே விரல் இந்த வரியில் உரசலை உண்டாக்குகிறது. உங்கள் பிடி அதுதானா என்று அறிய, கடைசி வரியைப் பாடி நி-யில் நிறுத்தச் சொல்லிவிட்டு முதல் கம்பியை மட்டும் தனியாக மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்காவிட்டால் இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது சிறிது. மற்ற வரிகளை அப்படியே விட்டுவிடுங்கள், அங்கே சுற்று ஓடட்டும். கடைசி முறை பாடும்போது மட்டும் இரண்டாவது கார்ட்டுக்கு வந்ததும் முதலில் வழக்கம் போல xx0233 பிடியுங்கள். பாடுபவர் ரி-யிலிருந்து நி-க்கு இறங்கும் இடத்தில் சுண்டு விரலை எடுத்துவிட்டு, நடு விரலை முதல் கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வையுங்கள். பிடி xx0232 ஆகிவிடும், கித்தாரும் நி-யைச் சொல்லும். அடுத்த அடியில் Em-க்குப் போகாமல் நேராக G-க்கு வாருங்கள், பேஸ் வாசிப்பவரும் E-க்கு ஏறாமல் உங்களோடு G-க்கு வர வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள், தாளில் அந்த வரிக்கு மட்டும் I–V–I என்று எழுதிவிடுங்கள். சுண்டு விரல் திரும்பவும் மூன்றாவது ஃப்ரெட்டில் ச-வில் இறங்கும்போது பாடுபவரின் ச-வும் அதே நொடியில் வந்து விழும்.